நரிமேட்டுக் காபிக் கடைக்கு ஒரு ரீல்: மீம் டெம்ப்ளேட்டில் எழுதினால் மெனு ஏன் காணாமல் போகிறது?

நரிமேடு_காபிக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நரிமேட்டில் சிறிய காபிக் கடை ஒன்றை நடத்திவருகிறேன். காலையில் ஃபில்டர் காபியும் இஞ்சி டீயும் நன்றாகப் போகின்றன. மாலையில் மட்டும் மேசைகள் காலியாகக் கிடப்பதால், 4 மணியிலிருந்து 7 மணி வரை கருப்பட்டிப் பருத்திப்பாலையும் ஓர் உளுந்த வடையையும் சேர்த்து 40 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். இதைப் பகுதி மக்களுக்குத் தெரியப்படுத்த இருபது விநாடி ரீல் ஒன்று போடலாம் என்று என் அக்கா மகன், எல்லோருக்கும் தெரிந்த "இது வேண்டாம், இது வேண்டாம், ஆ, இதுதான் வேண்டும்" மீமை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். அலுவலகம் விட்டு வரும் ஒருவரிடம் டீயை நீட்டுகிறார்கள், முகத்தைத் திருப்புகிறார். காபியை நீட்டுகிறார்கள், திருப்புகிறார். பஜ்ஜிக்கும் அதேதான். கடைசியில் பருத்திப்பாலைப் பார்த்ததும் சிரிக்கிறார்.

போனில் மாதிரிக்கு எடுத்து, வழக்கமாக வரும் சிலரிடம் காட்டினோம். நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் "கடையில் என்ன புதிதாக வந்திருக்கிறது?" என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெரியவர், "இனிமேல் டீ போட மாட்டீர்களா?" என்று கவலையோடு கேட்டார். மீமின் சுவை கெடாமல் மெனுவும் மனத்தில் நிற்கும்படி இதை எப்படி மாற்றி எழுதலாம்?

மீம்_தம்பி எழுதியது:

டெம்ப்ளேட் நல்ல தேர்வுதான், அண்ணே. விளக்கம் இல்லாமலே எல்லோருக்கும் புரியும். கடையின் பெயர் முதல் மூன்று விநாடிக்குள் வராததுதான் குறை என்று நினைக்கிறேன். அதற்குள் விரல் அடுத்த ரீலுக்குப் போய்விடும். ஆகவே முதலில் கடையின் லோகோவையும் பெயரையும் பெரிதாகக் காட்டிவிட்டுக் கதைக்குள் போங்கள். மறுக்கும் இடங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நகைச்சுவை நடிகரின் வசனத்தை ஆடியோவாகப் போட்டால், நடிக்கத் தெரியாதவர் நடித்தாலும் எடுபடும். வேறு டெம்ப்ளேட் வேண்டுமென்றால், காதலியோடு நடந்து போகிறவன் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் படத்தையும் யோசிக்கலாம்.

திருமங்கலம்_மெஸ் எழுதியது:

சினிமா வசனம் போடச் சொல்லும் தம்பிக்காக எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கோலா உருண்டைக்கு ஒரு ரீல் எடுத்து, படத்தில் வரும் வசனம் ஒன்றை அப்படியே ஒட்டியிருந்தோம். வணிகக் கணக்கில் போட்டதால் சில நாள்களில் ஒலி முடக்கப்பட்டது. எங்கள் மாஸ்டர் வாயை அசைக்கிறார், சத்தம் மட்டும் வரவில்லை. அதைவிட வருத்தம் என்னவென்றால், ஒலி இருந்த நாள்களில் வந்த கருத்துகள் எல்லாமே அந்த நடிகரைப் பற்றித்தான். உருண்டையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

மெனு கார்டிலேயே மீம் அச்சடிப்பதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், லேமினேஷன் செய்யாமல் அடிக்காதீர்கள். எண்ணெய்க் கை பட்டு ஒரே மாதத்தில் மங்கிவிடும்.

கதைவசனம்_மதுரை எழுதியது:

கேள்வி ரீலைப் பற்றியது, மெஸ் அண்ணே. ஆனாலும் உங்கள் அனுபவம் இங்கே தேவையானதுதான். சமூக வலைத்தளங்களில் தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாடல்களும் வசனங்களும் வணிகக் கணக்குக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நடிகரின் முகத்தையும் குரலையும் விளம்பரத்தில் பயன்படுத்துவது தனிச் சிக்கல். அனில் கபூர் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், குரல், உருவம் ஆகியவற்றை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்த டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் தடை விதித்தது. நண்பர்களுக்குள் மீம் அனுப்புவதும் அதே மீமால் 40 ரூபாய் காம்போவை விற்பதும் ஒன்றல்ல. ஆகவே டெம்ப்ளேட்டின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முகமும் குரலும் உங்களுடையவையாக இருக்கட்டும். தம்பி சொன்ன திரும்பிப் பார்க்கும் படத்தை விட்டுவிடுவதே நல்லது. 2018இல் சுவீடனில் ஓர் இணையச் சேவை நிறுவனம் அந்தப் படத்தை வேலைவாய்ப்பு விளம்பரத்தில் போட்டது. பெண்களைப் பொருள் போலக் காட்டுகிறது என்று அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கண்டித்தது. குடும்பத்தோடு வருகிறவர்களை அழைக்கும் கடைக்கு அது பொருந்தாது.

இப்போது உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். மீம் படமாக இருக்கும்போது மறுப்பும் ஏற்பும் ஒரே பார்வையில் கண்ணில் படுகின்றன. பார்ப்பவர் மேலே ஒரு சொல்லையும் கீழே ஒரு சொல்லையும் படித்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் சிரிக்கிறார். அதையே வீடியோவாக்கினால் மறுப்புகள் முதலில் வருகின்றன, ஏற்பு கடைசியில் வருகிறது. உங்கள் இருபது விநாடியில் முக்கால் பங்கு டீ, காபி, பஜ்ஜிக்கே போய்விட்டது. பருத்திப்பால் வந்து நிற்பது கடைசி மூன்று, நான்கு விநாடிதான். எதை அதிக நேரம் பார்த்தார்களோ அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் கேட்டதில் தவறே இல்லை. காலையில் உங்களுக்குச் சோறு போடுகிற காபியை, உங்கள் செலவிலேயே முகம் சுளித்து வேண்டாம் என்று சொல்ல வைத்திருக்கிறீர்கள்.

ஸ்கிரிப்டை ஒரு சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். பருத்திப்பால் என்று வரும் இடத்தில் பாதாம் பால் என்று போட்டுப் படியுங்கள். கதை ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கிறது. பாதாம் பாலுக்குப் பதிலாகப் பக்கத்துக் கடையின் சமோசாவைப் போட்டாலும் நிற்கும். அப்படியென்றால் இந்தக் கதைக்குப் பருத்திப்பால் தேவையே இல்லை, யாரோ கடைசியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரிப்பு வர வேண்டுமென்றால் பருத்திப்பால்தான் அங்கே இருக்க வேண்டும் என்ற நிலையை உருவாக்க வேண்டும்.

அதற்கு முன்பு, டெம்ப்ளேட்டைத் தொடாமல், சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "மாலை 4 முதல் 7 வரை, கருப்பட்டிப் பருத்திப்பாலும் ஓர் உளுந்த வடையும் 40 ரூபாய்." இதில் நேரம், பானம், வடை, விலை என்று நான்கு செய்திகள் இருக்கின்றன. நான்கையும் வசனத்தில் திணித்தால் அது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் அறிவிப்பாகிவிடும். கதைக்குள் இரண்டு போதும், மற்றவை எழுத்தாகத் திரையில் வரட்டும். உங்களுக்குக் காலியாக இருப்பது மாலை நேரம் என்பதால், நேரமும் பானமும் கதைக்குள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தம்பி சொன்ன மூன்று விநாடிக் கணக்கில் பாதி சரி. தொடக்கத்திலேயே பார்ப்பவரை நிறுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் லோகோவைப் பார்த்து யாரும் நிற்பதில்லை, விளம்பரம் என்று தெரிந்தவுடனே தள்ளிவிடுகிறார்கள். தன்னுடைய நிலைமையைத் திரையில் பார்த்தால் நிற்பார்கள். ஆகவே, மாலை ஐந்து மணிக்கு உங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன பாடு என்று சொல்லுங்கள்.

நரிமேடு_காபிக்கடை எழுதியது:

காபியையே குறை சொல்லியிருக்கிறோம் என்பது நீங்கள் எழுதிய பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் உறைக்கிறது, மிக்க நன்றி. கடைக்கு எதிர்த் தெருவில் ஒரு டியூஷன் நடக்கிறது. ஐந்து மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஆறரை மணி வரை பெற்றோர் வாசலிலேயே நிற்பார்கள். நாங்கள் பெரும்பாலும் அவர்களை நினைத்துத்தான் இந்தக் காம்போவையே தொடங்கினோம். ஆனால் மறுக்கும் இடத்தில் டீயும் காபியும் கூடாது, பக்கத்துக் கடைப் பலகாரமும் கூடாது என்றால் எதைத்தான் வைப்பது?

டியூஷன்_வாசல்_அம்மா எழுதியது:

உங்கள் தெரு இல்லாவிட்டாலும் நானும் அப்படி நிற்கிறவள்தான், அதனால் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோலும் நேரமும் வீண். வண்டியிலேயே உட்கார்ந்தால் இருட்டத் தொடங்கியதும் கொசு பிடுங்கும். ஏதாவது சாப்பிடலாம் என்று பரோட்டாக் கடைக்குப் போனால் இரவுச் சாப்பாடு கெட்டுவிடும், வீட்டில் வைத்த குழம்பு அப்படியே கிடக்கும். டீ குடிக்கலாம்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டு, அதற்கு மேலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சமாக இருக்கும். பெண்கள் தனியாக உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்தால் நிச்சயம் வருவோம். இதைக் கடைக்காரர்கள் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

கதைவசனம்_மதுரை எழுதியது:

அம்மா எழுதியதில் பாதி ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. மறுக்கும் இடத்தில் தின்பண்டங்களை வைக்காமல், அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்கும் வழிகளை வையுங்கள். வீடு, வண்டி, பரோட்டா என்று மூன்றையும் அவர் மறுக்கும்போது ஒவ்வொரு மறுப்பும் ஒரு காரணத்தை விட்டுச் செல்ல வேண்டும். தூரம், கொசு, இரவுச் சாப்பாடு ஆகிய மூன்றுக்கும் ஒரே பதிலாக, எதிரிலேயே இருக்கிற, உட்கார இடமுள்ள, வயிற்றை அடைக்காத ஒன்று வந்து நிற்க வேண்டும். அப்படி எழுதினால் டீயும் காபியும் தப்பித்துவிடும், மாலை நேரம் என்ற செய்தி தொடக்கத்திலேயே கதைக்குள் வந்துவிடும். பரோட்டாவை எந்தக் கடையோடும் சேர்த்துக் காட்ட வேண்டாம், சொல்லாக மட்டும் வரட்டும்.

முதல் மூன்று விநாடி: டியூஷன் வாசல். பையோடு பையன் உள்ளே ஓடுகிறான். அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். திரையில் "டியூஷன் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்" என்ற எழுத்து.

3 முதல் 6 வரை: தோழி, "வீட்டுக்குப் போயிட்டு வந்துருவமா?" என்கிறார். அம்மா முகத்தைத் திருப்பி, உள்ளங்கையை உயர்த்தி மறுக்கிறார். எழுத்து: "போய் வரவே நேரம் சரியாப் போகும்."

6 முதல் 9 வரை: "அப்ப வண்டியிலயே உக்காந்திருப்பமா?" அதே முகம், அதே கை, கூடவே முழங்கையில் ஓர் அடி. எழுத்து: "கொசு."

9 முதல் 12 வரை: "ஆளுக்கு ரெண்டு பரோட்டா?" அதே முகம், அதே கை. எழுத்து: "ராத்திரிக்கு வச்ச குழம்பு?"

12 முதல் 17 வரை: வசனமே இல்லை. கரண்டியிலிருந்து பருத்திப்பால் டம்ளரில் கெட்டியாக விழுகிறது, மேலே தேங்காய்த் துருவல், பக்கத்தில் வடை. மறுப்பதற்காக உயர்ந்த கை பாதியில் நின்று, திரும்பி டம்ளரை வாங்குகிறது. எழுத்து: "கருப்பட்டிப் பருத்திப்பால், உளுந்த வடை. மாலை 4 முதல் 7 வரை."

17 முதல் 20 வரை: பையன் வந்து, "அம்மா, போலாமா?" என்கிறான். அம்மா அவனைப் பார்த்தும் அதே முகத்தைத் திருப்பி அதே கையை உயர்த்துகிறார். மேசையில் ஒரு காலி டம்ளர், கையில் இரண்டாவது டம்ளர், அதில் ஸ்பூன். பின்னால் கடைப் பலகை.

இப்போது பழைய சோதனையைச் செய்து பாருங்கள். கடைசிக் காட்சியில் டீயை வைத்தால் எடுபடாது, டீக்கு ஸ்பூன் எதற்கு? பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்து, பாலைப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவதால் கிடைக்கும் அந்தக் கெட்டிப்பதம்தான், ஊதி ஊதி மெதுவாகக் குடிக்க வைக்கிறது. அதுதான் அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கிறது, நகைச்சுவையும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

மீம்_தம்பி எழுதியது:

நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் எனக்கு ஒரு குறை. டெம்ப்ளேட்டைத் தெரிந்தவர்கள் இதை மீம் என்றே கண்டுகொள்ள மாட்டார்கள், குறும்படம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் கீழே எழுத்து வைத்துக் காரணம் சொல்வது மீமின் வேகத்தையே குறைக்கிறது. மீமில் காரணம் சொல்வதே கிடையாதே.

கதைவசனம்_மதுரை எழுதியது:

சரியான கேள்வி. இந்த டெம்ப்ளேட்டை அடையாளம் காட்டுவது அந்தத் திரும்பும் முகமும் உயரும் கையும் தான். ஆகவே மூன்று மறுப்புகளையும் கேமராவை ஓர் அங்குலமும் நகர்த்தாமல், ஒரே அளவு ஷாட்டில், ஒரே நீளத்தில் எடுக்க வேண்டும். நடிப்பவர் மூன்றாவது தடவை கொஞ்சம் கூடுதலாக நடிக்க ஆசைப்படுவார், விடக் கூடாது. கைப்பிடியில் எடுத்துச் சட்டகம் ஆடினாலும், மறுப்புக்கு மறுப்பு கோணத்தை மாற்றினாலும் நீங்கள் பயப்படுகிற மாதிரி குறும்படமாகிவிடும். காரண எழுத்து வேகத்தைக் குறைக்கும் என்பதை ஏற்கிறேன். முதல் மறுப்பின் எழுத்து நீளமாகத்தான் இருக்கிறது, "அவ்வளவு தூரமா?" என்று சுருக்கலாம். ஆனால் முழுவதும் எடுத்துவிட்டால் பருத்திப்பால் எந்தக் கேள்விக்குப் பதிலாக வருகிறது என்பது தெரியாது.

எல்லீஸ்நகர்_கேமரா எழுதியது:

எடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரீலில் திரையின் அடிப்பகுதியைக் கேப்ஷனும் கணக்குப் பெயரும் மறைத்துக்கொள்ளும், வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள் நிற்கும். நேரத்தையும் பொருளின் பெயரையும் கீழே போட்டால் எடிட் செய்யும்போது தெரியும், போஸ்ட் செய்தபின் தெரியாது. எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் தள்ளி வையுங்கள். எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு, வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்துப் பார்ப்பேன். "கருப்பட்டிப் பருத்திப்பால், உளுந்த வடை" என்ற வரிக்கு அந்த ஐந்து விநாடி சரியாக வரும். விலையையும் அதிலேயே சேர்த்தால் போதாது.

பருத்திப்பால் ஊற்றும் ஷாட்டைக் கண்ணாடி டம்ளரில் எடுங்கள். எவர்சில்வரில் ஊற்றினால் அந்தக் கருப்பட்டி நிறமும் கெட்டியும் தெரியாது. ஆவி தெரிய வேண்டுமென்றால் பின்னால் இருண்ட சுவரும், டம்ளருக்குப் பின்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சமும் வேண்டும். முன்னாலிருந்து டியூப்லைட் அடித்தால் எவ்வளவு கொதித்தாலும் ஆவி தெரியாது.

திருமங்கலம்_மெஸ் எழுதியது:

காரண எழுத்தோடு எழுத்தாக, "சளி, இருமல் குணமாகும்" என்றும் போடுங்கள். எங்கள் பக்கம் பருத்திப்பாலை எல்லோரும் அதற்காகத்தான் குடிக்கிறார்கள்.

கதைவசனம்_மதுரை எழுதியது:

வேண்டாம், அண்ணே. உணவு விளம்பரங்களில் சொல்லும் உரிமைகோரல்களுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டிருக்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று உணவை விளம்பரப்படுத்துவது அதற்குப் புறம்பானது. வீட்டில் பாட்டி சொல்வது வேறு, கடைக்காரர் விலை போட்டுச் சொல்வது வேறு. "சுக்கு, ஏலம் சேர்த்தது" என்று உள்ளதைச் சொன்னால் போதும், மற்றதைப் பார்ப்பவர்களே நினைத்துக்கொள்வார்கள். அதையும் கேப்ஷனில் போடுங்கள், படத்துக்குள் இனி இடமில்லை.

நரிமேடு_காபிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் தங்கையும் அவள் தோழியும் நடிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மாதிரியை எடுத்ததும், இந்த முறை ஒலியை அணைத்துவிட்டு, எங்கள் கடைக்கு இதுவரை வராத சில பெற்றோரிடம் காட்டி, "எந்த நேரத்தில், என்ன கிடைக்கும்?" என்று மட்டும் கேட்கப்போகிறேன். விலைதான் இன்னும் முடிவாகவில்லை. கருப்பட்டி விலை ஏறினால் 40 ரூபாயை மாற்ற வேண்டியிருக்கும். கேப்ஷன் என்றால் பிறகும் திருத்தலாம், வீடியோவுக்குள் எழுதிவிட்டால் திருத்த முடியாது. அதனால் கேப்ஷனில் மட்டும் போடலாமா?

கதைவசனம்_மதுரை எழுதியது:

நானாக இருந்தால் கேப்ஷனில்தான் போடுவேன். கேமரா நண்பர் சொன்னதுபோல அந்த ஐந்து விநாடியில் விலைக்கு இடமில்லை. பானத்தின் பெயரும் நேரமும் நின்றால் விலையைக் கடைக்கு வந்து தெரிந்துகொள்வார்கள்.

டியூஷன்_வாசல்_அம்மா எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஐயா. எங்களுக்கு இந்த வீடியோ டியூஷன் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். யாராவது டவுன்லோடு செய்து அனுப்பினால் வீடியோ மட்டும்தான் வரும், கேப்ஷன் வராது. விலை தெரியாத கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, கேட்டுவிட்டு எழுந்து வர எங்களுக்குச் சங்கடமாக இருக்கும். 40 ரூபாய் என்று தெரிந்தால் பையில் இருக்கும் சில்லறையைப் பார்த்துக்கொண்டு தைரியமாக வருவோம்.

எல்லீஸ்நகர்_கேமரா எழுதியது:

அப்படியென்றால் கடைசிக் காட்சியில், அம்மாவுக்குப் பின்னால் உள்ள கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் விலையை எழுதி வையுங்கள். அந்த மூன்று விநாடியை மட்டும் வேறு விலையோடு இன்னொரு முறை எடுத்து வைத்துக்கொண்டால், விலை ஏறும்போது அந்தத் துண்டை மாற்றி மறுபடியும் போஸ்ட் செய்துகொள்ளலாம்.

நரிமேடு_காபிக்கடை எழுதியது:

கரும்பலகை நல்ல யோசனை. ஆனால் கைக்குக் கை போகும் பழைய வீடியோவைத் திரும்பப் பெற முடியாதே, பழைய விலையைக் காட்டிக் கேட்கிறவருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். "இந்த மாதம் மட்டும்" என்று பலகையிலேயே மாதத்தின் பெயரோடு எழுதலாமா என்று அக்கா மகன் கேட்கிறான். அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை படப்பிடிப்பு, அதுவரை பலகையை எழுதாமல் வைத்திருக்கிறேன்.